ஓரத்து முகம் ஏன் ஒட்ட மறுக்கிறது?

மோட்டார் சைக்கிளில் பாய்பவர் ஸ்டண்ட் கலைஞர். திரையில் தெரிய வேண்டியது கதாநாயகனின் முகம். கதாநாயகனைத் தனியாகப் பிரேமின் நடுவில் நிறுத்திப் படம்பிடித்து, அந்த முகத்தைப் பிறகு காட்சியில் பொருத்துவார்கள். ஒளியும் தோல் நிறமும் சரியாக அமைந்தும், பைக் பிரேமின் ஓரத்துக்குப் போனதும் முகம் வெட்டி ஒட்டியதுபோல் துருத்தித் தெரிவதுண்டு. லென்ஸின் நடுப்பகுதி உருவாக்கிய முகத்தை, அதன் ஓரம் உருவாக்கிய படத்தில் வைத்திருக்கிறோம் என்பதே காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 36 மில்லிமீட்டர் அகல சென்சார், 24 மில்லிமீட்டர் லென்ஸ், 3840 பிக்சல் அகலப் படம். 300 பிக்சல் அகலமுள்ள முகத்தின் மையம், பிரேமின் மையத்திலிருந்து நேர் வலப்பக்கம் 1500 பிக்சல் தள்ளி இருக்கிறது. சாய்ந்து வரும் ஒளி, சாய்வுக் கோணத்தின் கோசைனுடைய நான்காம் அடுக்கின்படி குறையும் என்பது பழைய ஒளியியல் விதி. அதன்படி, பிரேமின் நடுவில் விழும் வெளிச்சத்தில் உள்பக்கக் கன்னத்துக்கு 61 சதவீதமும் வெளிப்பக்கக் காதுக்கு 50 சதவீதமும்தான் கிடைக்கும். அதாவது ஒரே முகத்துக்குள்ளேயே வெளிச்சம் சரிகிறது. முகம் முழுவதையும் ஒரே அளவில் இருட்டாக்கினால், விளக்கு வேறு பக்கத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும்.

நிஜ லென்ஸ்கள் இந்த விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. அகலக் கோண லென்ஸ்கள் பலவற்றின் வடிவமைப்பே இந்த இழப்பைக் குறைக்கும். துவாரத்தை முழுதாகத் திறந்தாலோ, லென்ஸ் குழாயின் விளிம்பு சாய்ந்த கதிர்களை மறைத்து ஓரத்தை மேலும் இருட்டாக்கும். ஆகவே அதே லென்ஸ், அதே துவாரம், அதே குவியத்தில் சீராக ஒளியூட்டிய சாம்பல் சுவரைப் படம்பிடித்து அளப்பதே நம்பகமான வழி. முகத்தை இருட்டாக்க அந்த அளவால் பெருக்குமுன், படத்தில் வெளிச்ச மதிப்புகளை வளைத்துப் பதிந்திருக்கும் காமா வளைவை நீக்கிவிட வேண்டும். நீக்காமல் 0.5-ஆல் பெருக்கினால் வெளிச்சம் பாதியாகாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அதிகம் சறுக்கும் இடம் நிறப்பிசிறுதான். லென்ஸ் சிவப்பு, பச்சை, நீலப் பிம்பங்களைச் சற்றே வெவ்வேறு அளவில் விழச் செய்கிறது. சிவப்பு 0.1 சதவீதம் பெரிதாக விழுவதாக வைத்துக்கொண்டால், நம் முகத்தின் சிவப்புப் பிம்பம் சுமார் ஒன்றரை பிக்சல் வெளிப்புறமாக நகர்ந்திருக்கும். இருண்ட பின்னணியில் வெளிர் முகம் என்றால் காதுப் பக்க விளிம்பில் சிவப்பு எட்டிப்பார்க்கும். உள்பக்கக் கன்ன விளிம்பில் சிவப்பு குறைந்து நீலப்பச்சை தெரியும். இதைப் போலியாக உருவாக்கும்போது சிவப்புப் பிம்பத்தைப் பிரேமின் மையத்தை வைத்துப் பெரிதாக்க வேண்டும். அவசரத்தில் முகத்தின் மையத்தை வைத்துப் பெரிதாக்கிவிட்டால் இரு விளிம்புகளிலும் சிவப்பே வரும். முகத்தைப் பெரிதாக்கி இரு கன்னங்களின் விளிம்பைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னணியில் அசல் பிசிறு ஏற்கெனவே இருப்பதால், ஒட்டிய பிறகு மொத்தப் படத்தின் நிறங்களையும் நகர்த்தினால் அது இரட்டிப்பாகும். முகத்தின் நிறங்களை மட்டும்தான் நகர்த்த வேண்டும். அப்போது முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மாஸ்க்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக, அதே அளவு நகர வேண்டும். ஒரே மாஸ்க்கை வைத்தால் பிசிறு முகத்துக்குள் மட்டும் இருக்கும். விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல் நின்றுவிடும்.

ஓரத்தின் மங்கலுக்கு எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் வழக்கமான மங்கல் வடிகட்டி போதாது. ஓரத்தில் ஒரு புள்ளி ஒளி வட்டமாகப் பரவாமல், மையத்தை நோக்கியோ அதற்குக் குறுக்காகவோ இழுபட்டுப் பரவுகிறது. ஸ்டண்ட் கலைஞரின் கண்மணியில் மின்னும் விளக்கின் பிரதிபலிப்பு இதைக் கண்டுபிடிக்க மிக உதவும். அந்தச் சிறு புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அதே வடிவில் புது முகத்தையும் மங்கலாக்க வேண்டும். கண் தெரியவில்லையென்றால் பிரேமின் எதிர்ப்பக்கத்தில் அதே தூரத்தில் உள்ள விளிம்பு எதையாவது பார்க்கலாம். லென்ஸின் கண்ணாடிகள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் இரு பக்கமும் ஒத்திருக்காது என்பதால், இது இரண்டாந்தரச் சான்றுதான்.

படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் குருணையைக் கடைசியில் சேர்க்க வேண்டும். அது சென்சாரில் பிறப்பது, லென்ஸ் அதைத் தொடுவதில்லை. புது முகத்தின் பழைய குருணையை முன்கூட்டியே நீக்காமல் மங்கலாக்கினால், தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

இத்தனையும் பிரேமின் மையமே லென்ஸின் மையம் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பின்னணிக் காட்சியை ஒரு பக்கமாக வெட்டியிருந்தாலோ, நடுக்கம் நீக்கும் மென்பொருள் நகர்த்தியிருந்தாலோ அது பொய்த்துவிடும். இடது, வலது ஓரங்களின் நிறப்பிசிறு சம அகலத்தில் இல்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அப்போது வெட்டாத மூலக் காட்சியைக் கேட்டு வாங்கி, முகத்தை அதில் பொருத்திவிட்டு, வெட்டுவதையும் நகர்த்துவதையும் பிறகு செய்ய வேண்டும்.