ஆம்பூல் மேல் இருக்கும் பொடி எழுத்து: 96-ஆம் விதி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

மருந்துப் பெட்டி, மருந்துக் குப்பி, ஊசி மருந்து அடைத்து வரும் சின்ன ஆம்பூல் என்று எதை எடுத்தாலும் அதன் மேல் என்னென்ன அச்சிட்டிருக்க வேண்டும் என்பதை 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் உள்ள 96-ஆம் விதி சொல்கிறது. மருந்தின் முறையான பெயர், உள்ளே இருக்கும் அளவு, அதில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு, தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, இவ்வளவும் வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்கள் காலாவதி தேதியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம். ஆனால் வேலை செய்யும் பொருள் எவ்வளவு என்கிற அந்த ஒரு வரிதான் எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவரைக் காப்பாற்றியது. அதனால் அந்த வரியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் பெரியம்மா மகள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், அன்றைக்கு நைட் டூட்டி. அந்தியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் காலில் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு படுத்திருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம் ஊசி போட வேண்டும். அது குப்பியில் பொடியாக இருக்கும், பத்து மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் கரைத்து, நரம்பில் இரண்டு முதல் நான்கு நிமிடத்துக்குள் மெதுவாக ஏற்றுவார்கள். கூட இருந்த சின்னப் பெண் "தண்ணி" என்று எழுதிய ட்ரேயில் இருந்து ஒரு ஆம்பூலை எடுத்து நீட்டினாள். தெளிவான பிளாஸ்டிக், பத்து மில்லி, நீல எழுத்து, எப்போதும் வருகிற மாதிரியே இருந்தது. அக்கா அதை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். "ஏனுங்க்கா, தண்ணிதானுங்களே?" என்று அந்தப் பெண் கேட்க, "இல்லை கண்ணு, கீழே இருக்கிற வரியைப் படிச்சுப் பாரு" என்று திருப்பிக் காட்டினார்.

பொட்டாசியம் குளோரைடு, ஒவ்வொரு மில்லியிலும் 150 மில்லிகிராம் என்று இருந்தது. அதற்கும் கீழே, இன்னும் பொடியாக, கலக்காமல் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது.

நர்சுகள் கேசிஎல் என்று சொல்வது இதைத்தான். பத்து மில்லி ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது, ரத்தத்தில் உள்ள உப்புகளை அளக்கும் அலகு அது. இது எவ்வளவு பெரிய அளவு என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போதும். ரத்தத்தில் பொட்டாசியம் அதே அலகில் ஒரு லிட்டருக்கு 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுமார் மூன்று லிட்டர் என்றால், அதில் மொத்தமாக இருப்பதே 12 சொச்சம்தான். அந்த ஒரு ஆம்பூலில் அதைவிட அதிகம். இரண்டு மூன்று நிமிடத்தில் நரம்பில் ஏற்றினால் உடம்பு அதைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது, இதயத் தசையின் மின்னோட்டம் குலைந்து துடிப்பு நின்றுபோகும். பொட்டாசியம் குறைந்துபோன நோயாளிக்கு இதே மருந்து தேவைதான், ஆனால் அரை லிட்டர் சலைனில் கலந்து, கை நரம்பில் மணிக்குப் பொதுவாகப் பத்துக்கு மேல் போகாமல், அதாவது குறைந்தது இரண்டு மணி நேரம் எடுத்து, டிரிப்பாகப் போடுவார்கள்.

எப்படி அந்த ட்ரேக்குள் வந்தது என்று மறுநாள் விசாரித்தார்கள். வழக்கமாக வாங்கும் கம்பெனியிடம் கேசிஎல் சரக்கு இல்லாததால் மருந்தகத்தில் வேறு கம்பெனியின் பேக்கை வாங்கியிருக்கிறார்கள். பழைய கேசிஎல் கண்ணாடி ஆம்பூலில் வந்தது, புதியது பிளாஸ்டிக்கில், தண்ணி ஆம்பூலின் அளவிலும் அச்சிலும் வந்துவிட்டது. வார்டுக்கு அனுப்பும்போது அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொட்டியவர் கண்ணால் பார்த்து ரகம் பிரித்திருக்கிறார். தவறு அங்கேதான் நடந்தது. எழுத்தைப் படிப்பவர் கையில் வந்து சேரும்வரை அதை யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆம்பூல் போலி மருந்து கிடையாது. இரண்டுமே முறையாக உரிமம் வாங்கித் தயாரித்த நல்ல மருந்துகள், லேபிளில் இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. 96-ஆம் விதி எழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கிறது, ஒரு மருந்தின் ஆம்பூல் இன்னொன்றின் ஆம்பூல் மாதிரி இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. பெயருக்குக்கூட 2018-இல் ஒரு திருத்தம் வந்தது, மருந்தின் பொதுப்பெயரை வணிகப் பெயரைவிட இரண்டு எழுத்து அளவு பெரிதாகப் போட வேண்டும் என்று. நல்ல திருத்தம்தான், ஆனால் இரண்டு ஆம்பூலிலும் ஒரே நிறத்தில் பொதுப்பெயர் இருந்தால் தூக்கக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிறம், வடிவம் பற்றியும் விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தபட்சம் கலக்காமல் போட்டால் உயிர் போகும் மருந்துகளுக்காவது அது வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான கியூஆர் கோடும் இதற்கு உதவாது, அது குறிப்பிட்ட 300 பிராண்டுகளுக்கு மட்டும்தான், அதுவும் மருந்து அசலா என்று பார்க்க.

சரி, இப்படி ஒன்றைக் கண்டால் எங்கே சொல்வது? ஊசி போடுவதற்கு முன்பே பிடித்துவிட்டால் முதலில் மருத்துவமனைக்குள்ளேயே எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனை என்றால், பார்க்கவும் கேட்கவும் ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளுக்குப் பட்டியல் வைத்து அவற்றைத் தனித்தனியாக அடுக்க வேண்டும், தவறு நடக்கப் போய்த் தப்பித்த சம்பவங்களையும் பதிய வேண்டும், அந்தத் தரக்கட்டுப்பாட்டிலேயே இது இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத இடத்திலும் எழுதிக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆம்பூலையும் பெட்டியையும் எறியாமல் வைத்து, பேட்ச் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அதே சரக்கு வேறு எந்த வார்டுக்குப் போனது என்று தேடவே முடியாது.

மருந்து உடம்பில் ஏறி ஏதாவது ஆகிவிட்டது என்றால், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியோ அவர் வீட்டாரோ சொல்லலாம், அதற்கென்று தமிழிலும் படிவம் இருக்கிறது. மருந்தே போலி என்று சந்தேகம் வந்தால் அது வேறு வழி. உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அல்லது காசு கொடுத்து வாங்கிய மருந்தை, 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, விண்ணப்பம் கொடுத்துக் கட்டணம் கட்டி, அரசு பகுப்பாய்வாளரின் சோதனைக்கு நீங்களே அனுப்பலாம். இந்தப் பிரிவு இருப்பது மருந்துக்கடைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியவில்லை.

அந்த மருத்துவமனையில் அக்கா எழுதிக் கொடுத்த பிறகு பொது வார்டு ட்ரேக்களில் இருந்து கேசிஎல் ஆம்பூல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அது ஐசியூவிலும் மருந்தகத்திலும் பூட்டிய அலமாரியில், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. வார்டுக்குத் தேவைப்பட்டால் சீட்டு எழுதி, இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.