ஹெட்ஃபோனில் கியூ வரவில்லையா? உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்

கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பசங்க டிஜே கண்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்துவிடுவார்கள். "அண்ணா, ஹெட்ஃபோன் ஜாக் போயிடுச்சு, மாத்திக் குடுங்க" என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். ஜாக் போவதும் உண்டு, மழைக்காலத்து மூட்டத்தில் இங்கே எந்தக் கனெக்டரும் பச்சை பிடிக்கத்தான் செய்யும். ஆனால் ஜாக் கெட்டால் முதலில் கரகரக்கும், பின்னைத் திருகினால் வந்து வந்து போகும், இல்லையென்றால் ஒரு காதில் மட்டும் கேட்கும். இரண்டு காதிலும் சுத்தமாகச் சத்தமே இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் பாட்டு ஜோராக ஓடுகிறது என்றால் நான் பெட்டியைத் திறப்பதில்லை, லேப்டாப்பைத்தான் கேட்பேன்.

சமீபத்தில் வந்த ஒரு தம்பியின் கதை இதற்குச் சரியான உதாரணம். இரண்டு சேனல் கண்ட்ரோலர், லேப்டாப்பில் இலவச சாஃப்ட்வேர் Mixxx. ஸ்பீக்கர் வயரை லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் சொருகியிருந்தார், ஹெட்ஃபோனைக் கண்ட்ரோலரில். ஜாக் வீல் என்ற வட்டத் தட்டு சுற்றுகிறது, ஃபேடர் வேலை செய்கிறது, அடுத்த பாட்டை மண்டபத்துக்கு விடுமுன் நாம் மட்டும் காதில் கேட்டுப் பார்க்க, அதாவது கியூ கேட்க, ஹெட்ஃபோன் படம் போட்ட CUE பட்டனை அழுத்தினால் லைட்டும் எரிகிறது. "எல்லாமே வேலை செய்யுதே அண்ணா, ஹெட்ஃபோன் மட்டும்தான் செத்துப்போச்சு" என்றார்.

லைட் எரிவதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரே யுஎஸ்பி வயரில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. பட்டன், ஃபேடர், லைட் எல்லாம் மிடி என்ற கட்டளைத் தகவலாகப் போய்வருகின்றன, சத்தம் கண்ட்ரோலருக்குள் இருக்கும் சவுண்ட் கார்டு வழியாகப் போகிறது. மிடி நன்றாக ஓடும்போதே சவுண்ட் கார்டை சாஃப்ட்வேர் சீண்டாமலேயே இருக்கலாம். தம்பியின் லேப்டாப்பில் அதுதான் நடந்தது. லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டில் இடது, வலது என்று இரண்டே வாசல், இரண்டையும் ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு பிடித்துக்கொண்டது, கியூவுக்குப் போக வழியில்லை. கண்ட்ரோலரின் கார்டில் நான்கு வாசல் இருக்கும், 1-2 ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டருக்கு, 3-4 ஹெட்ஃபோனுக்கு.

முதலில் கண்ட்ரோலரிலேயே பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பாட்டை ஓடவிட்டு, சேனலுக்குள் வரும் சத்தத்தின் அளவை வைக்கும் டிரிம் நாப்பை ஏற்றுங்கள், சேனல் மீட்டர் ஆட வேண்டும். கியூ ஃபேடருக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதால் ஃபேடர் கீழே இருந்தாலும் கவலையில்லை, டிரிம் பூஜ்யமாக இருந்தால்தான் ஒன்றும் வராது. ஜாக் வீல் பக்கத்தில் இருக்கும் பெரிய CUE பட்டன் பாட்டில் குறித்து வைத்த இடத்துக்குப் போக, மிக்ஸர் பகுதியில் இருப்பதுதான் கேட்பதற்கு. புதிதாக வாங்கியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது ரொம்ப சகஜம். அப்புறம் ஹெட்ஃபோன் மிக்ஸ் நாப்பை மாஸ்டர் பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். மாஸ்டர் பாட்டு காதில் கேட்டால் ஜாக், வயர், சவுண்ட் கார்டு எல்லாம் நலம், CUE பட்டனோ நாப் நின்ற இடமோதான் தவறு. அதுவும் கேட்கவில்லையென்றால் சாஃப்ட்வேருக்குப் போகலாம்.

இதையெல்லாம் சோதிக்கும்போது ஹெட்ஃபோன் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வரவில்லை என்று கடைசி வரை திருகி வைத்துவிட்டு, செட்டிங்கை மாற்றிய நொடியில் முழுச் சத்தமும் காதுக்குள் இறங்கி அலறியவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். ஜாக்கை மாற்றித் தருவேன், காதை மாற்ற முடியாது.

Mixxx-இல் Preferences போய் Sound Hardware திறந்தால் Output பகுதியில் Main, Headphones என்று இரண்டு வரி இருக்கும் (பழைய பதிப்பில் Main-க்குப் பதில் Master). இரண்டிலும் அதே கண்ட்ரோலரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள், Main-க்கு Channels 1-2, Headphones-க்கு Channels 3-4. தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் 3-4 பட்டியலிலேயே வரவில்லை. மேலே Sound API என்ற இடத்தில் MME இருந்தது, அது பெரும்பாலும் இரண்டு வாசலைத்தான் காட்டும். கண்ட்ரோலர் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போட்டு ASIO-வுக்கு மாற்றியதும் நான்கும் வந்தன, கியூவும் வந்தது. மற்ற சாஃப்ட்வேர்களில் மெனுவின் பெயர் மாறும், விஷயம் இதேதான்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை, ஸ்பீக்கர் வயர் லேப்டாப்பில்தானே இருக்கிறது. "மாஸ்டரை லேப்டாப்பிலேயே விட்டுட்டு ஹெட்ஃபோனை மட்டும் இதுல போட்டுக்கலாமா அண்ணா?" என்று கேட்டார். போடலாம், சாஃப்ட்வேர் விடும், கியூவும் கேட்கும், பீட் மட்டும் சேராது. ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்கும் அதனதன் தாமதம் உண்டு, இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. காதில் உதை மேல் உதை சரியாக விழும், மண்டபத்தில் தடதடவென்று குதிரை ஓடும். புளூடூத் ஹெட்ஃபோனும் இதே காரணத்தால் ஆகாது. 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 500 மில்லிசெகண்ட், புளூடூத் அதில் 150, 200-ஐச் சாதாரணமாகத் தின்றுவிடும். எனவே ஸ்பீக்கர் வயரைக் கண்ட்ரோலரின் பின்னால் உள்ள மாஸ்டர் ஆர்சிஏவுக்கு மாற்றினோம். விண்டோஸ் அறிவிப்புச் சத்தத்துக்கு லேப்டாப்பின் சொந்தக் கார்டையே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் மாப்பிள்ளை ஆடும்போது வாட்ஸப் டிங் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

இனி பீட் சேர்ப்பது. தானாகவே பீட்டைச் சேர்த்துவிடும் சிங்க் பட்டனை அணைத்துவிடுங்கள். மண்டபத்தில் 124 பிபிஎம் பாட்டு ஓடுகிறது, அடுத்து 128 பாட்டு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 128-ஐ 124 ஆக்க 3.1 சதவீதம் குறைக்க வேண்டும், டெம்போ ரேஞ்ச் ±6 போதும். ரேஞ்சைப் பெரிதாக வைத்தால் ஸ்லைடர் மயிரிழை நகர்ந்தாலே வேகம் துள்ளும். ஒரு காதில் ஹெட்ஃபோன், ஒரு காது மண்டபத்துக்கு. முதல் பீட்டில் பாட்டை விடுங்கள், விலகினால் ஜாக் வீலின் ஓரத்தைத் தொட்டு நகர்த்துங்கள். முன்னால் தள்ளித் தள்ளியே விட வேண்டியிருந்தால் உங்கள் பாட்டு மெதுவாக இருக்கிறது, ஸ்லைடரில் கொஞ்சம் கூட்டுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். திரையில் 124.1 என்று காட்டுவதை 'சரி, கிட்டத்தட்டத்தானே' என்று விட்டுவிடாதீர்கள். 0.1 வித்தியாசம் ஒரு நிமிடத்தில் 48 மில்லிசெகண்டாக வளரும், அதற்குள் டிரம் இரட்டையாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் தாளத்தில் செய்த பாட்டுகளுக்குத்தான். படுகா பாட்டுகளின் பழைய பதிவுகளிலும் பழைய சினிமாப் பாட்டுகளிலும் கையால் வாசித்த தாளம் ஓடும்போதே கொஞ்சம் ஏறும், இறங்கும். சாஃப்ட்வேர் ஒரே பிபிஎம் எண்ணைக் காட்டும், சில சமயம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டும். அவற்றை முழு நிமிடம் கலக்கப் பார்க்காமல், தாளம் நிற்கும் இடத்தில் நான்கு எட்டு பீட்டுக்குள் மாற்றிவிடுவது என் பழக்கம். கோத்தகிரியில் அந்தப் பாட்டு வந்தால் வட்டமாக ஆடுகிறவர்கள் எப்படியும் உங்கள் கலவையைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.