வித்தியாசம் 'இதர வருமானம்' ஆகாது

"வங்கி ஸ்டேட்மெண்டில் நம் ஏட்டைவிடப் பணம் கூடுதலாக இருந்தது சார். இதர வருமானம் என்று ஒரே பதிவாகப் போட்டுச் சரி பண்ணிவிட்டேன்." இந்த மாதம் என்னிடம் இப்படிச் சொன்ன மூன்றாவது ஆள் இவர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

கணக்கு இதுதான். மாதக் கடைசியில் ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் இருப்பு 1,84,500. ஸ்டேட்மெண்டில் 2,46,200. வித்தியாசம் 61,700. ஏட்டில் ஏறாத டெபாசிட்டுகள் சில இருக்கின்றன என்று அவருக்கே தெரியும். தேடுவதற்குச் சோம்பல்பட்டு, மொத்தத்தையும் வருமானமாக்கிவிட்டார்.

அந்தப் பதிவை நீக்கிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக டிக் அடித்தோம். நம் ஏட்டில் பற்று என்றிருப்பது வங்கியின் தாளில் வரவாக இருக்கும், அது தெரிந்த கதைதான். டிக் விழாமல் நின்றவை ஏழு. ஸ்டேட்மெண்டில் மட்டும் நான்கு டெபாசிட்டும் 300 வங்கிக் கட்டணமும். ஏட்டில் மட்டும் இரண்டு: நாம் கொடுத்து, இன்னும் வங்கிக்குப் போகாத 18,000 காசோலை, கடைசி நாளில் போட்டு, இன்னும் வரவாகாத 7,500.

குழப்பமே இங்கேதான். ஏட்டில் இருந்து வங்கியில் இல்லாதவற்றை நாம் தொட வேண்டியதில்லை. ஏட்டு இருப்பும் வங்கி இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் சரிகட்டும் பட்டியலில் காட்டினால் போதும், நாள் போனால் தானாகத் தீரும். வங்கியில் இருந்து ஏட்டில் இல்லாதவை அப்படியல்ல. நாம் எழுதும்வரை தீரவே தீராது. விடுபட்ட டெபாசிட்டைப் பட்டியலில் மட்டும் காட்டி, மாதாமாதம் சுமந்துகொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். பட்டியல் பதிவு ஆகாதுங்க!

அந்த நான்கும் என்ன? 22,000 ஒரு வாடிக்கையாளர் பழைய பில்லுக்காக நேராக வங்கியில் கட்டியது. விற்பனை, பில் போட்ட அன்றே கணக்கில் ஏறிவிட்டது. இப்போது குறைய வேண்டியது அவருடைய பாக்கி மட்டும்தான். வருமானமாக எழுதினால் ஒரே விற்பனை இரண்டு முறை வரும். பாக்கியும் அப்படியே நிற்கும். நின்றது. கட்டி முடித்தவருக்கு நினைவூட்டல் போய், அவர் போனில் பிடித்துக் கத்தியிருக்கிறார்.

9,800 கார்டு வசூல். பில் 10,000, கமிஷன் 200 பிடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். வர வேண்டிய 10,000-ஐத் தீர்த்து, 200-ஐச் செலவில் எழுத வேண்டும். 4,700 திருப்பி அனுப்பிய சரக்குக்குச் சப்ளையர் கொடுத்தது. அது அவர் கணக்கில் போக வேண்டும்.

கடைசியாக 15,000. "இது யார் போட்டது?" என்றால் யாருக்கும் தெரியவில்லை. கல்லாவை எண்ணச் சொன்னேன். ஏட்டின்படி கையிருப்பு 21,400. பெட்டியில் இருந்தது 6,400. கல்லாப் பணத்தைக் கொண்டுபோய் வங்கியில் கட்டிவிட்டு, கையிருப்பில் குறைத்து வங்கியில் கூட்டும் எதிர்ப்பதிவு போட மறந்திருக்கிறார்கள். டெபாசிட் யாருடையது என்று தெரியாதபோது, வெளியே தேடும் முன் பெட்டியை எண்ணிப் பாருங்கள்.

ஆக 51,500 சேர்த்து, 300 கழித்தால் ஏட்டில் 2,35,700. வங்கிப் பக்கம் 2,46,200-இல் 18,000 கழித்து 7,500 கூட்டினாலும் 2,35,700. அப்படியானால் அவர் போட்ட 61,700-இல் 10,500 எங்கிருந்து வந்தது? 18,000-க்கும் 7,500-க்கும் உள்ள வித்தியாசம்தான் அது. காசோலை இன்னும் பாஸாகாததால் வங்கியில் தங்கியிருந்த பணத்தை வருமானம் என்று எழுதியிருக்கிறார்! அடுத்த மாதம் அந்த இரண்டும் வங்கியில் ஏறியதும் 10,500 குறையும். அதற்கு 'இதரச் செலவு' என்று இன்னொரு பதிவு போட்டிருப்பார், வேறென்ன?

தயவுசெய்து ஒவ்வொரு டெபாசிட்டையும் தனித்தனியாக, வங்கி வரவு வைத்த தேதியில் எழுதுங்கள். எழுதும் முன், அதே தொகை கையிருப்புப் பத்தியிலோ உங்களுடைய வேறொரு வங்கிக் கணக்கிலோ ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் புது வரவாக எழுத வேண்டாம், எதிர்ப்பதிவு போட்டு இடத்தை மாற்றினால் போதும். எவ்வளவு தேடியும் ஆள் தெரியாத தொகை என்றால் அனாமத்துக் கணக்கில் தேதியோடு வைத்துவிட்டு, யார் அனுப்பியது என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். வேறு யாருடைய பணத்தையோ வங்கி தவறுதலாக உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கவும் கூடும். பதில் வரும்வரை அதிலிருந்து செலவு செய்யாதீர்கள், திருப்பி எடுப்பார்கள்.