அப்பா எழுதின கடன் நோட்டு: வசூலுக்குப் போறதுக்கு முன்னாடி

சின்ன கடைங்களுக்கு கணக்கும் ஜிஎஸ்டியும் பாக்குறது என் தொழில். பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு மளிகைக்கடை தம்பி, அப்பா தவறின பிறகு அவரோட கடன் நோட்டைத் தூக்கிட்டு வந்தான். "சார், பாதி புரியல, ஆனா எல்லாரும் நிறைய தரணும் போல இருக்கு"ன்னான்.

அவர் பழைய முறைல எழுதுறவர். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. ஆளுக்குப் பேர் கிடையாது, "மாடி டீச்சர்", "இஸ்திரி" இப்படித்தான். ஆள் யாருன்னு அம்மா சொல்லிட்டாங்க, சிக்கல் அதுல இல்ல.

மாடி டீச்சர் பக்கத்தைப் பாருங்க. ௶ 1,850, கீழ ௸ 640, அதுக்கு கீழ ௸ 410, அப்புறம் ௷ 900, கடைசியா ௸ 500. தம்பி ௸ வந்த இடமெல்லாம் சரக்கு வாங்கினதுன்னு நெனச்சு 3,400 கூட்டி, 900 கழிச்சு, 2,500 பாக்கின்னு எழுதி வச்சிருந்தான். மேற்படின்னா மேல என்ன இருக்கோ அதேதான், வரவுக்குக் கீழ வந்தா அதுவும் வரவு. ஆக பற்று 2,900, வரவு 1,400, பாக்கி 1,500.

நாம படிச்சது சரியான்னு எப்படித் தெரியும்? அடுத்த பக்கத்து தலைப்புல, பிள்ளையார் சுழிக்குக் கீழ, அப்பாவே "முன்பாக்கி 1,500"ன்னு எழுதியிருந்தார். முன்பாக்கி ஒத்துவராத பக்கத்தை வச்சுகிட்டு யார் வீட்டு வாசலுக்கும் போகாதீங்க, அந்த டீச்சர் பணம் குடுத்தது அவங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும், தெருவுல சண்டைதான் வரும். நோட்டு மேலயே திருத்தி எழுதவும் கூடாது, போட்டோ எடுத்துட்டு வேற நோட்டுல கூட்டுங்க.

இப்போ தேதி. கெடு எதுவும் பேசாம கடனுக்குக் குடுத்த சரக்குன்னா, குடுத்த தேதியிலேர்ந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், 1963 காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்த 3 வருஷம் முடியறதுக்குள்ள கடன் வாங்கினவர் "இவ்வளவு பாக்கி இருக்கு"ன்னு எழுதி கையெழுத்து போட்டா அன்னியிலேர்ந்து புதுசா 3 வருஷம். நிறைய பேர் நோட்டு இருந்தா போதும்னு நம்புறாங்க, ஒழுங்கா எழுதின கணக்கு நோட்டு சாட்சியா எடுபடும், ஆனா அதை மட்டும் வச்சு ஒருத்தர் மேல கடனை சுமத்த முடியாது. அதனால டீச்சர்கிட்ட போனப்போ தம்பி மொதல்ல பக்கத்தைக் காட்டினான், அவங்க ஒத்துகிட்டு 500 குடுத்து, மீதி 1,000க்கு தேதி போட்டு கையெழுத்து போட்டாங்க.

கோர்ட்டுக்குப் போறதா இருந்தா தாசில்தார் தர்ற வாரிசு சான்றிதழ் மட்டும் பத்தாது, செத்தவருக்கு வரவேண்டிய கடனுக்கு தீர்ப்பு வாங்க கோர்ட்ல வாரிசுரிமைச் சான்று வாங்கணும், அதுக்கு கோர்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ் எல்லாம் இருக்கு. 1,500 ரூபாய்க்கு இதெல்லாம் கட்டுப்படியாகாதுன்னு சொன்னேன். "இஸ்திரி" பக்கத்துல கடைசி தேதி 3 வருஷம் தாண்டிடுச்சு, ஆளும் வீடு மாறிட்டார், அதை தம்பி வசூல் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டான்.