இறுதி நேர்காணலுக்கான பயணச் செலவு: நிறுவனம் அனுப்பும் மடலில் கவனிக்க வேண்டியவை

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருந்து படித்து வரும் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் நிறுவனங்களில் முதல் இரண்டு சுற்று நேர்காணல் இப்போது பெரும்பாலும் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. இறுதிச் சுற்றுக்கு மட்டும் நேரில் வரச் சொல்கிறார்கள். அப்போது ஆள்சேர்ப்பு அதிகாரியிடமிருந்து ஒரு மடல் வரும். நேர்காணல் நாள், இடம், தங்குமிடம், பயணச் செலவைத் திருப்பித் தரும் முறை ஆகியவை அதில் ஆங்கிலத்திலோ மலாயிலோ பத்துப் பதினைந்து வரிகளில் இருக்கும். நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு மற்றதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களே அதிகம். கையிலிருந்து செலவழித்த பணம் முழுதாகத் திரும்பி வராமல் போவதற்குக் காரணம் அந்தப் படிக்காத வரிகளில்தான் இருக்கிறது.

முதலில் உரிமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேர்காணலுக்கு வருகிறவருக்கு நிறுவனம் பயணச் செலவு தர வேண்டும் என்று மலேசியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வேலை ஒப்பந்தம் செய்துகொண்ட தொழிலாளிக்கு உரியது. நேர்காணலுக்குப் போகிறவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அந்த மடல்தான். அதில் எழுதியிருப்பதைக் கேட்கலாம்; எழுதாததைக் கேட்பது கடினம். தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அதை அன்றே மடலாகத் திருப்பி எழுதி, "நாம் பேசியபடி இது சரிதானா?" என்று கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மடலில் மிக முக்கியமான சொல் 'ரீஇம்பர்ஸ்மெண்ட்'. மலாயில் எழுதினால் 'துந்துத்தான்' என்பார்கள். நாம் பேச்சில் 'கிளைம்' என்கிறோம். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: முதலில் நீங்கள் உங்கள் பணத்தைச் செலவழிக்கிறீர்கள், பிறகு ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்கிறீர்கள். நிறுவனம் இதை ஒரு வசதியாக நினைத்து எழுதுகிறது. ஆனால் மாதக் கடைசியில் நானூறு ரிங்கிட்டைப் புரட்டுவது எல்லா வீட்டிலும் எளிதன்று. இதற்கு மாற்றாக, நிறுவனமே பயணச்சீட்டையும் விடுதி அறையையும் பதிவுசெய்து நேரடியாகப் பணம் கட்டும் முறையும் உண்டு. மடலில் அந்த வழியைச் சொல்லாவிட்டாலும், கேட்டால் பல நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. கேட்பதால் வேலை போய்விடும் என்று தயங்க வேண்டியதில்லை. மனிதவளப் பிரிவுக்கு இது அன்றாடம் வரும் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளியுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கும் கணக்கியல் பட்டதாரிப் பெண் ஒருவருக்குக் கோலாலம்பூரில் வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு இறுதி நேர்காணல். மடல் சொல்வது இதுதான்: "ரசீதுகளின் அடிப்படையில் போக்குவரத்துச் செலவு 250 ரிங்கிட் வரையிலும், ஓர் இரவுத் தங்கும் செலவு 200 ரிங்கிட் வரையிலும் திருப்பித் தரப்படும். நேர்காணல் முடிந்து 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்." காலை 9.30க்கு நேர்காணல் என்றால் அன்றே தோட்டத்திலிருந்து கிளம்பிப் போவது ஆபத்து. எனவே முதல் நாள் மாலையே போய்த் தங்குகிறார்.

தோட்டத்திலிருந்து ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போக 40 ரிங்கிட், திரும்பி வர 40 ரிங்கிட். ஈப்போவிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயில் இரு வழிக்கும் சேர்த்து 90 ரிங்கிட். கோலாலம்பூரில் கிராப் காருக்கு 26 ரிங்கிட். விடுதி அறை 190 ரிங்கிட். அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி 15 ரிங்கிட் 20 சென் சேர்ந்து 205 ரிங்கிட் 20 சென். ஆக மொத்தம் 401 ரிங்கிட் 20 சென் அவர் கையிலிருந்து போகிறது. நிறுவனம் திருப்பித் தருவதோ ரயிலுக்கும் கிராப்புக்கும் 116 ரிங்கிட், அறைக்கு 200 ரிங்கிட், மொத்தம் 316 ரிங்கிட் மட்டுமே. 85 ரிங்கிட் 20 சென் அவருடைய நட்டம்.

இந்த நட்டத்தில் ஐந்து ரிங்கிட் சொச்சம் வரியைக் கவனிக்காததால் வந்தது. உச்சவரம்பு 200 என்றால் அது வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா என்று மடல் சொல்வதில்லை. வரியோடு சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு அறையைத் தேடுவதே பாதுகாப்பு. அறைக்குள் நுழையும்போது விடுதி வாங்கும் முன்பணம் செலவில் சேராது, வெளியேறும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றுலா வரி வெளிநாட்டுப் பயணிகளுக்கு உரியது. மலேசியர் அடையாள அட்டையைக் காட்டினால் அது விதிக்கப்படாது.

மீதி 80 ரிங்கிட்தான் நான் மனத்தில் வைத்து எழுதுவது. கோலாலம்பூர் அலுவலகத்தில் மடலை எழுதுகிறவரின் கணக்கில் பயணம் ஈப்போ நிலையத்தில் தொடங்குகிறது. நம் பிள்ளைக்கோ அது லயத்து வாசலில் தொடங்குகிறது. இடைப்பட்ட தூரத்துக்கு நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கிராப் காரும் தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் எளிதில் வராது. வருகிற வாடகைக் காரோ பக்கத்து வீட்டுக் காரோ ரசீது தருவதில்லை. 250 ரிங்கிட் வரம்புக்குள் இடம் இருந்தும் அந்த 80 ரிங்கிட் விடுபட்டது, அதற்கு ஆதாரத்தாள் இல்லை என்பதால்தான்.

இதற்கு வழி உண்டு, ஆனால் புறப்படுவதற்கு முன்பே கேட்க வேண்டும். மடல் வந்ததும் பதிலில் இப்படி எழுதலாம்: "என் வீடு தோட்டத்தில் உள்ளது, ஈப்போ நிலையத்துக்குப் பொதுப் போக்குவரத்து இல்லை, வாடகைக் காருக்கு ஒரு வழிக்கு 40 ரிங்கிட் ஆகும், ரசீது கிடைக்காது. ஓட்டுநர் கையொப்பமிட்ட சீட்டை ஏற்பீர்களா, அல்லது கிலோமீட்டர் கணக்கில் தருவீர்களா?" பெரும்பாலான நிறுவனங்களில் சொந்த வாகனத்துக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை சென் என்று ஒரு விகிதம் இருக்கும், அது அவரவர் வகுத்துக்கொண்டது. அப்பாவின் காரில் போனால் அந்த விகிதம் பொருந்துமா என்றும் கேட்கலாம். கையொப்பச் சீட்டு என்றால் தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தொகை, ஓட்டுநர் பெயர், வண்டி எண் ஆகியவை இருந்தால் போதும். இதே மடலில் விடுதியை நிறுவனமே பதிவுசெய்யும்படியும் கேட்டிருந்தால், மேலே சொன்ன பெண் முன்கூட்டிச் செலவழிக்க வேண்டியது 401 ரிங்கிட் அல்ல, 196 ரிங்கிட்டே; அதுவும் முழுவதும் திரும்பி வந்திருக்கும்.

நிறுவனம் பதிவுசெய்ய ஒப்புக்கொண்டால் உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்கும். மைகாட்டில் உள்ளபடி, ஏ/எல், ஏ/பி உட்பட, ஓர் எழுத்து மாறாமல் அனுப்புங்கள். வீட்டில் அழைக்கும் பெயரிலோ பாதிப் பெயரிலோ சீட்டு வந்துவிட்டால், புறப்படும் நேரத்தில் அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும். நீங்களே சீட்டு வாங்குவதாக இருந்தால், நேரம் எழுத்தில் உறுதியாகும் வரை வாங்காதீர்கள். நேர்காணல் தள்ளிப்போனால் பயன்படாத சீட்டின் செலவை யார் ஏற்பது என்பதும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அப்பாவோ அண்ணனோ கூடப் போவது நம் வழக்கம். அது குறையே அல்ல. ஆனால் உடன் வருகிறவரின் பயணச்சீட்டும் உணவும் திருப்பித் தரப்படுவதில்லை என்பதால், இருவர் சீட்டையும் ஒரே ரசீதில் வாங்காமல் தனித்தனியாக வாங்குங்கள். ஒரே ரசீதாக இருந்தால் கணக்குப் பிரிவு அதைப் பிரித்துப் பார்க்க நேரமெடுக்கும், சில வேளை திருப்பியும் அனுப்பும்.

ரசீது தாள்களில் பல வெப்பத்தில் அச்சடிக்கப்பட்டவை. காரின் முன்கண்ணாடி அருகே ஒரு நாள் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும். வாங்கிய கையோடு படம் பிடித்துவிடுங்கள். கிராப் செயலி ஒவ்வொரு பயணத்துக்கும் மின்னஞ்சலில் ரசீது அனுப்பும். சாலைக்கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையின் பரிவர்த்தனைப் பட்டியலைத் தர வேண்டும்; அட்டை உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால்தான் அதை இணையத்தில் எடுக்க முடியும். வங்கிக் கணக்கின் பட்டியலில் ஒரு வரியைக் காட்டுவது போதாது, ஏனென்றால் எதற்காகச் செலவழித்தீர்கள் என்பது அதில் தெரியாது.

இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: வேலை கிடைக்காவிட்டாலும் பணம் தரப்படுமா என்பது. பொதுவாகத் தருவார்கள். ஆனால் நேர்காணலுக்கு வராமல் நின்றுவிட்டாலோ, கிடைத்த வேலையை மறுத்தாலோ தரமாட்டோம் என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு. மடல் அனுப்பியவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லாமல் வேலைவாய்ப்பு முகவராக இருந்தால், பணம் தரப்போவது முகவரா நிறுவனமா என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். 1981ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்படி முகவருக்கு உரிமம் இருக்க வேண்டும். தொழிலாளர் துறையில் விசாரிக்கலாம்.

பணம் எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்தே மோசடியைக் கண்டுகொள்ளலாம். பயணச் செலவைத் திருப்பித் தருகிறவர் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார். விடுதிப் பதிவுக்கு முன்பணம் அனுப்புங்கள், நேர்காணல் முடிந்ததும் தந்துவிடுகிறோம் என்று ஒருவர் கேட்டாலோ, கைப்பேசிக்கு வந்த ஒருமுறை எண்ணைச் சொல்லச் சொன்னாலோ அது நேர்காணல் அல்ல. பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணுக்கு அழைக்க வேண்டும். வங்கியிலும் அப்போதே சொல்ல வேண்டும்.

கிளைம் பாரத்தை அனுப்பும்போது ஆள்சேர்ப்பு அதிகாரியின் மடலையும் நீங்கள் எழுதிய பதிலையும் இணைத்து, 14 நாள் கெடுவில் கடைசி நாள் வரை காத்திராமல் ஊர் திரும்பிய வாரத்திலேயே அனுப்புங்கள். கணக்குப் பிரிவுக்கு வெளியூர்க்காரரின் கணக்கைப் புதிதாகப் பதிவுசெய்ய நாள் பிடிக்கும் என்பதால் ஒரு மாதம் ஆவது இயல்பு. அதற்கு மேலும் வராவிட்டால், மடலில் உள்ள தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு இரண்டு முறை எழுத்தில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது. 198ஆம் பாரத்தைப் பூர்த்திசெய்து, வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். எண்பது ரிங்கிட்டுக்காக அங்கே போக யாருக்கும் மனம் வராதுதான். இருந்தாலும் நினைவூட்டும் இரண்டாவது மடலில் அந்தப் பாரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவதில் தவறில்லை.