சிவப்பாகாத தேதி

தனியாகப் பயிற்சி வகுப்புகள் நடத்துவது என் தொழில். யாரிடம் எப்போது பேசினேன், அடுத்து எப்போது பேச வேண்டும் என்பதை ஒரு எக்செல் தாளில் எழுதி வைக்கிறேன். அந்தத் தாளால் கையிலிருந்து போன ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதே தவறை வேறு பலரின் தாள்களிலும் பார்த்துவிட்டேன்.

என் தாளில் ஆறே பத்திகள்: A பெயர், B போன், C கடைசியாகப் பேசிய நாள், D பேசியது, E அடுத்த தேதி, F நிலை. அடுத்த தேதி வந்ததும் அந்தக் கட்டம் சிவப்பாக வேண்டும் என்பதற்காக E பத்திக்கு ஒரு நிபந்தனை வடிவமைப்பு போட்டிருந்தேன்:

```
=AND($E2<>"",$E2<=TODAY())
```

தினமும் காலையில் தாளைத் திறப்பேன். சிவப்பாக இருப்பவர்களைக் கூப்பிடுவேன், மற்றவர்களைப் பார்க்கவே மாட்டேன். அந்த நிறத்தை அவ்வளவு நம்பினேன்.

ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு மேலாளர், ஏப்ரலில் பட்ஜெட் முடிவாகும், இரண்டாவது வாரம் கூப்பிடுங்கள் என்றார். போனை வைத்த கையோடு E பத்தியில் 14.04.2025 என்று தட்டினேன். ஜூன் மாதம் வேறு ஒருவரைத் தேடும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கட்டம் வெள்ளையாகவே இருந்தது. உடனே கூப்பிட்டேன். "ஏப்ரல்ல கூப்பிடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் சார். அப்புறம் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்" என்றார்.

சூத்திரத்தில் பிழையில்லை. நாள், மாதம், ஆண்டுக்கு நடுவே நான் வைத்த புள்ளிதான் காரணம். என் கணினியின் அமைப்பில் தேதிக்கு நடுவே சாய்கோடோ சிறு கோடோ வர வேண்டும். புள்ளி வைத்தால் எக்செல் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். உண்மையான தேதி உள்ளுக்குள் ஓர் எண். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால், எக்செல் கணக்கில் எழுத்துதான் எப்போதும் பெரியது. அதனால் எழுத்தாக நிற்கும் தேதி ஒரு நாளும் "இன்றைக்கு அல்லது இன்றைக்கு முன்" ஆகாது. எத்தனை மாதம் கடந்தாலும் சிவக்காது. பிழைச் செய்தியும் வராது.

கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் சீரமைப்பை மாற்றாத வரை தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். ஆனால் இருநூறு வரிகளை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் ஏழாவதாக ஒரு பத்தி சேர்த்து இதைப் போட்டேன்:

```
=IF(OR(F2="முடிந்தது",ISNUMBER(E2)),"","தேதி பார்க்கவும்")
```

எழுத்தாக நிற்கும் தேதியை மட்டுமல்ல, தேதியே போடாமல் விட்ட வரியையும் இது காட்டிக்கொடுக்கும். முதல் நாளே என் தாளில் பதினொரு வரிகள் அகப்பட்டன. நான்கில் புள்ளி வைத்த தேதி. ஏழு காலி, "அவரே கூப்பிடுவதாகச் சொன்னார்" என்று விட்டுவைத்தவை. அவர் கூப்பிடுவதாகச் சொன்னாலும் தேதி என் பக்கம் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

இந்தச் சூத்திரத்திடமிருந்தும் தப்பும் ஒரு பிழை உண்டு. 05/04/2025 என்பது ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. இரண்டுமே சரியான தேதிகள் என்பதால் சூத்திரம் கண்டுகொள்ளாது. E பத்தியின் வடிவத்தை `dd-mmm-yyyy` என்று மாற்றினால் மாதம் எழுத்தில் தெரியும், தட்டியதுமே தவறு புரிந்துவிடும். C பத்தியில் `TODAY()` போடாதீர்கள். அது தினமும் தானாக மாறி, எல்லோரிடமும் இன்றைக்குப் பேசியதாகக் காட்டும். Ctrl + ; அழுத்தினால் இன்றைய தேதி நிலையாக விழும்.

தேதி சரியாக வந்து நின்றாலும் D பத்தி வெறுமையாக இருந்தால் கூப்பிடக் கை வராது. "பேசினேன், ஆர்வமாக இருக்கிறார்" என்று எழுதி வைத்தால் மூன்று மாதம் கழித்து எதுவும் நினைவுக்கு வராது. "20 பேர், 2 நாள். ஏப்ரலில் பட்ஜெட். பாடத்திட்டம் ஒரு பக்கத்தில் கேட்டார், நான் இன்னும் அனுப்பவில்லை" என்று எழுதியிருந்தால் போனை எடுத்ததும் முதல் வாக்கியம் தயாராக இருக்கும். நான் கொடுக்க வேண்டியது என்ன என்பதைக் கட்டாயம் எழுதுகிறேன். ஒருவரின் உடல்நலம், வீட்டு விவகாரங்களை எழுதுவதில்லை. தாள் எப்போதாவது வேறு கைக்குப் போகும்.

இப்போது மாதம் ஒருமுறை C, E பத்திகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். E தேதி தள்ளிக்கொண்டே போய், C மட்டும் பழைய தேதியிலேயே நின்றால், சிவப்பை மறைக்க நானே தேதியை நகர்த்தியிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த வரிக்கு அன்றைக்கே கூப்பிடுகிறேன், அல்லது F-இல் "முடிந்தது" என்று எழுதிவிடுகிறேன்.