போனைப் பிடுங்கினால் கணவர் திரும்பி வந்துவிடுவாரா?

இந்த மாதமும் ஒரு கைத்தொலைபேசி சுவரில் அடித்து உடைக்கப்பட்ட பிறகுதான் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். உடைத்தவர் மனைவி, மறுவாரமே தவணைக்கு இன்னொன்றை வாங்கியவர் கணவர். ஹட்டன், தலவாக்கலை பக்கம் குடும்ப உளவளத்துணை வழங்கிவரும் எனக்கு இந்தக் கதை அலுத்தே போய்விட்டது.

எந்நேரமும் போனில் மூழ்கிக்கிடக்கும் கணவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டால் ஆள் தானாகவே குடும்பத்தின் பக்கம் திரும்பிவிடுவார் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மாமியாரும் பக்கத்து வீட்டாரும்தான். பிடுங்கிய அந்த நொடியிலேயே பேச்சின் பொருள் மாறிவிடுகிறது. அதுவரை குடும்பத்துக்கு நேரம் கொடுக்காதவர் என்ற நிலையில் இருந்தவர், இப்போது பிள்ளைகள் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். கோபப்பட அவருக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிடுகிறது. போன் இல்லாத மாலையில் அவர் மனைவியோடு உட்கார்ந்து பேசுவதில்லை. சந்திக் கடைக்குப் போகிறார், அல்லது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவதும், அவர் ஒதுங்குவதைக் கண்டு இவர் இன்னும் துரத்துவதும் எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட சுழல். போனை எடுத்துவிடுவதால் அந்தச் சுழல் நிற்பதில்லை.

மேலே சொன்ன தம்பதியின் விபரங்களை அடையாளம் தெரியாதவாறு மாற்றியே எழுதுகிறேன். கணவர் நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கணவர் ஏழு மணிக்கு வீடு வந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தால், பத்தரை வரை டிக்டொக்கும் ரீல்ஸும்தான். சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே ஆறிக்கிடக்கும். மனைவி பேச்சைத் தொடங்கும் விதம் தினமும் ஒன்றுதான்: "எந்நேரமும் இதுதானா? என்னைக் கட்டினதுக்கு அந்தப் போனையே கட்டியிருக்கலாமே!" தம்பதியரின் பேச்சுகளை நீண்ட காலம் பதிவுசெய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன், முதல் சில நிமிடங்களின் தொனியே பெரும்பாலும் அந்தப் பேச்சு எப்படி முடியும் என்பதைக் காட்டிவிடுகிறது என்கிறார். "எந்நேரமும்" என்று ஆரம்பித்தால், "நேத்து கடைக்குப் போனேனே, அது யாரு?" என்றுதான் பதில் வரும்.

எனவே நாங்கள் முதலில் மாற்றியது நேரத்தை. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது பேசக்கூடாது. அவர் காதில் விழுவதே பாதிதான். ஞாயிறு காலை, தேநீர் குடித்த பின்னர், பிள்ளைகள் வெளியே விளையாடும்போது மனைவி பேசினார். சொல்ல வேண்டியதையும் முன்கூட்டியே சுருக்கிக்கொண்டோம்: கண்ணால் கண்ட ஒன்று, தன் மனதில் உள்ள ஒன்று, செய்யக்கூடிய கோரிக்கை ஒன்று. "என்னாங்க, செவ்வாக்கிழமை சின்னவ படம் வரைஞ்சதக் காட்ட வந்தா, நீங்க பாக்காம இருந்தது எனக்குக் கஷ்டமா இருந்திச்சு. சாப்பிடுற நேரம் மட்டும் போனை அலுமாரி மேல வைக்க ஏலுமா?"

சொல்லிவிட்டு மனைவி மௌனமாக இருந்ததுதான் இதில் கடினமான பகுதி. நீண்ட நேரத்திற்குப் பிறகு கணவர் சொன்னார்: "வாசல்ல கால வச்சதும் சீட்டுக்காசு, அடகு வட்டின்னுதான் ஆரம்பிக்கிற. அதுக்குத்தான் காத அடைச்சிக்கிறேன்." அந்த வீடியோக்கள் அவருக்குப் பிடித்தமானவையா என்று கேட்டால், நேற்றுப் பார்த்ததில் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. இதைக் குடும்பத்தின் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒளிந்துகொள்ள அவருக்குக் கிடைத்த இடம் அது.

உடன்பாடு இரண்டு பக்கமும் எழுதப்பட்டது. கடன் கணக்கு சனி பின்னேரம் மட்டும் பேசப்படும். ஏழரை முதல் எட்டரை வரை இருவரின் போன்களும் அலுமாரி மேல் இருக்கும். பிள்ளைகள் உறங்கிய பின் அரை மணி நேரம் கணவர் விரும்பியதைப் பார்க்கலாம். மனைவியின் போனும் என்று நான் சொன்னபோது அவர் முகம் சற்றுச் சுருங்கியது, அது வேறு கதை. மூன்றாம் வாரம் கணவர் பழையபடி கட்டிலில் சாய்ந்தார். அன்று மனைவி கத்தவில்லை. ஞாயிறு வரை பொறுத்து மறுபடி பேசினார். இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் நடக்கிறது, அவ்வளவுதான்.

தயவுசெய்து இதை எல்லோருக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் கணவரோ மனைவியோ வாரக்கணக்கில் சரியாக உறங்காமல், உண்ணாமல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்றித் திரையை வெறித்துக்கொண்டிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள், அல்லது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பேசத் தொடங்கினாலே கை நீளும் வீடென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை முயன்று பார்க்கவே வேண்டாம். பெண்களுக்கான 1938 இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது.